இருட்டில் காசைப் பிரிக்கும் கணக்கு

மேசை மேல் 20 ஒரு ரூபாய்க் காசுகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் 7 காசு தலை மேலே தெரியக் கிடக்கிறது, மீதி 13 பூ. இந்த எண்ணிக்கை மட்டும் உங்களுக்குத் தெரியும். எது தலை, எது பூ என்பது தெரியாது, ஏனென்றால் அறை கும்மிருட்டு. விரலால் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்கக் கூடாது. இந்த நிலையில் 20 காசையும் இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். பிரித்து முடித்து விளக்கைப் போட்டால், இந்தக் குவியலில் எத்தனை தலை இருக்கிறதோ அதே அளவு தலை அந்தக் குவியலிலும் இருக்க வேண்டும். அதிர்ஷ்டத்தை நம்பாமல், எப்போது செய்தாலும் தவறாமல் வரவேண்டும்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. சிங்க முத்திரை இருக்கும் பக்கத்தைத் தலை என்றும் மறுபக்கத்தைப் பூ என்றும் வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பூவா தலையா போடாதவர் யார், அதனால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தப் புதிரைக் கேட்டவுடன் பெரும்பாலானவர்களுக்கு மனதில் ஓடுவது ஒன்றுதான்: பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும். புதிரில் அப்படி யாரும் சொல்லவில்லை. தலைகளின் எண்ணிக்கைதான் சமமாக வேண்டும், காசுகளின் எண்ணிக்கை அல்ல. அடுத்து, 7 ஒற்றைப்படை எண், அதை எப்படி இரண்டு சமபங்காக்குவது என்று தோன்றும். இந்தச் சந்தேகம் நியாயமானது. காசைக் கிடந்தபடியே நகர்த்திப் பிரித்தால் மொத்தத் தலை 7 தான், அதை இரண்டு சமமான முழு எண்களாகப் பிரிக்கவே முடியாது. ஆகவே நகர்த்துவது மட்டும் போதாது, வேறு ஏதோ ஒன்று செய்தாக வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

சரி, 7 தலைக்குப் பதில் 8 தலை என்று இருந்தால்? அப்போது நான்கு நான்காகப் பிரிய வாய்ப்பு உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்தாகப் பிரித்தால் அப்படி அமைவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு. மீதி நேரமெல்லாம் ஐந்தும் மூன்றும், ஆறும் இரண்டும் என்று போய்விடும். ஆக, இரட்டைப்படை எண்ணும் நம்மைக் காப்பாற்றாது.

வழி இதுதான். ஏதாவது 7 காசுகளை எடுங்கள். எது கைக்கு வருகிறதோ அது. அந்த ஏழையும் தனிக் குவியலாக வைத்து, ஒவ்வொன்றையும் புரட்டிப் போடுங்கள். சுண்டிப் போடக் கூடாது. மேலே இருந்த பக்கம் கீழே போக வேண்டும், கீழே இருந்தது மேலே வர வேண்டும், அவ்வளவுதான். மீதி 13 காசைத் தொட வேண்டாம். முடிந்தது. விளக்கைப் போட்டால் இரண்டு குவியலிலும் தலை சமமாக இருக்கும்.

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. அம்பாசமுத்திரத்தில் உறவில் ஒரு கல்யாண வீடு. மொய் எழுதும் மேசையில் தாம்பாளம் நிறைய ஒரு ரூபாய்க் காசு. நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று வைப்பதால் அந்த மேசையில் ஒற்றைக் காசுக்குப் பஞ்சமே கிடையாது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் குறைந்த நேரத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளிடம் 20 காசை எண்ணி, 7 தலையாக வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிப் புதிரைச் சொன்னேன்.

"ஏழை எப்படி சித்தப்பா ரெண்டா பங்கு வைக்க? ஒத்தைப்படைல்லா?"

"பங்கு வைக்கத்தான சொன்னேன். காசைத் திருப்பக் கூடாதுன்னு சொன்னேனாட்டி?"

"திருப்பினா எத்தனை தலை எத்தனை பூன்னே தெரியாமப் போயிருமே."

அவள் சொன்னது பொய்யில்லை. ஏழையும் திருப்பிய பிறகு அந்தக் குவியலில் எத்தனை தலை என்று நமக்குத் தெரியாது. ஆனால் புதிர் அதைக் கேட்கவே இல்லை. எத்தனை என்று தெரியாமலேயே, இரண்டும் சமம் என்று மட்டும் தெரிந்தால் போதும். இந்த இடத்தில்தான் ரொம்பப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். எண்ணிக்கையைக் கண்டுபிடித்த பிறகுதான் சமமா என்று சொல்ல முடியும் என்ற பழக்கம் நமக்கு அவ்வளவு ஊறியிருக்கிறது.

துண்டுக்குள் கையை விட்டு அவள் 7 காசை ஒதுக்கினாள். புரட்டுவதற்கு முன்னால் துண்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். விளக்கம் புரிய வேண்டுமானால் இந்த நடுக்கட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அவள் எடுத்த ஏழில் 3 தலை, 4 பூ இருந்தது. அப்படியானால் மற்ற குவியலில் எத்தனை தலை இருக்கும்? மொத்தம் 7 தலை. அதில் 3 இங்கே வந்துவிட்டது. ஆகவே அங்கே 4. எண்ணிப் பார்த்தாள், 4 தான். அந்த 4-ஐயும், தன் கையில் உள்ள 4 பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. ஏழையும் புரட்டினால் அந்த 4 பூவும் 4 தலையாகிவிடும், 3 தலையும் பூவாகிவிடும். இங்கே 4, அங்கே 4.

இது அந்த ஒரு முறை மட்டும் அப்படி அமைந்ததா என்று கேட்கலாம். அவள் எடுத்த ஏழில் தலையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏழும் பூ. 7 தலையும் அந்தப் பக்கமே இருக்கிறது. புரட்டினால் இங்கே ஏழும் தலை. ஏழுக்கு ஏழு. இதற்கு நேர் எதிராக, கைக்கு வந்த ஏழும் தலையாகவே இருந்தால்? அந்தப் பக்கம் தலை ஒன்றும் மிச்சமில்லை. புரட்டினால் இங்கேயும் ஒன்றும் இல்லை. சுழிக்குச் சுழி, அதுவும் சமம்தான். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் என்ன வந்தாலும் காரணம் ஒன்றே.

அந்தக் காரணத்தை ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்போம். என் கையில் வந்த ஒவ்வொரு பூவும், தலை உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் எடுத்தது 7 இடம்; மொத்தத் தலையும் 7. ஆகவே என் குவியலில் எத்தனை இடத்தில் பூ இருக்கிறதோ, சரியாக அத்தனை தலை வெளியே தங்கிவிட்டது. இங்கே இருக்கும் பூவின் எண்ணிக்கையும், அங்கே இருக்கும் தலையின் எண்ணிக்கையும் புரட்டுவதற்கு முன்பே சமம். புரட்டுவது இங்குள்ள பூவைத் தலை என்று பெயர் மாற்றுகிறது, அவ்வளவே. சமம் என்பது 7 காசை எடுத்த கணத்திலேயே வந்துவிட்டது. புரட்டல் அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது.

எழுத்தில் எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: எடுத்த ஏழில் உள்ள தலையை x என்று வையுங்கள். அங்கே மிஞ்சிய தலை 7 − x. இங்கே உள்ள பூ 7 − x. புரட்டிய பின் இங்கே தலை 7 − x. முதல் 7 வந்தது மொத்தத் தலையிலிருந்து, இரண்டாவது 7 வந்தது நாம் எடுத்த காசின் எண்ணிக்கையிலிருந்து. இரண்டு ஏழும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன என்பதைக் கவனியுங்கள். x எவ்வளவு என்று நமக்குக் கடைசிவரை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்தக் கணக்கில் 20 என்ற எண் எங்கேயும் வரவே இல்லை என்பதையும் பாருங்கள். 20 காசுக்குப் பதில் 200 காசு இருந்தாலும், அதில் தலை 7 என்றால் எடுக்க வேண்டியது 7 தான்.

தலை பாதிக்கு மேல் இருந்தாலும் வழி மாறாது. 20 காசில் 13 தலை என்று வையுங்கள். 13 காசை எடுத்துப் புரட்ட வேண்டும். எடுத்ததில் 9 தலை, 4 பூ வந்திருந்தால், மீதி 7 காசில் 4 தலை இருக்கும். பதின்மூன்றையும் புரட்டினால் இங்கேயும் 4. சிலர் 13 காசைப் புரட்டச் சோம்பல்பட்டு, சின்னக் குவியலான ஏழைப் புரட்டினால் என்ன என்று கேட்பார்கள். புரட்டிப் பாருங்கள்: அந்த ஏழில் 4 தலை, 3 பூ இருந்தது, புரட்டினால் 3 தலை. தொடாத குவியலில் 9. சரிவராது.

இந்தத் தவறான குவியலைப் புரட்டுவதில் ஒரு விசேஷம் உண்டு. நம் முதல் கணக்கில், ஏழை விட்டுவிட்டு மீதி 13-ஐப் புரட்டினால் என்ன ஆகும்? அங்கே 4 தலை, 9 பூ இருந்தது. புரட்டினால் 9 தலை. இங்கே 3. வித்தியாசம் 6. வேறு ஏழு காசை எடுத்திருந்தாலும் வித்தியாசம் இதே 6 தான் வரும். இந்த 6, இருபதிலிருந்து ஏழின் இரண்டு மடங்கைக் கழித்து வருவது. அப்படியானால் தலையின் எண்ணிக்கை சரியாகப் பாதியாக இருந்தால், அதாவது 20-ல் 10 என்றால், இந்த வித்தியாசம் சுழியாகிவிடும். அப்போது எந்தக் குவியலைப் புரட்டினாலும் சமமாகவே வரும்! அதனால்தான் சொல்லிக்கொடுக்கும்போது 20-ல் 10 தலை என்று வைத்துத் தொடங்கக் கூடாது என்பேன். பார்க்க அழகான எண்தான். ஆனால் பிள்ளைகள் பத்துப் பத்தாகப் பிரித்து, ஏதோ ஒரு குவியலைப் புரட்டி, விடை சரியாக வந்ததும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குவியல் சமமாக இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் அப்படியே தங்கிவிடும். 7, 13 மாதிரி கோணலான எண்ணில் தொடங்கினால் அந்தத் தப்பு அப்போதே வெளியே வந்துவிடும்.

பூவும் சமமாகிவிடுமா என்று ஒருவர் கேட்டால், இல்லை. ஏழு காசுள்ள குவியலில் 4 தலை என்றால் 3 பூ. பதின்மூன்று காசுள்ள குவியலில் 9 பூ. பூவைச் சமமாக்க வேண்டுமென்றால் பூவின் எண்ணிக்கையான 13-ஐ எடுத்துப் புரட்ட வேண்டும்.

இனி கையால் செய்து பார்ப்பது பற்றிக் கொஞ்சம். நம் காசுகளில் முத்திரையும் எண்ணும் மேடாக இருப்பதால் விரல் பழகியவர்களுக்குத் தடவினாலே தெரிந்துவிடும். அது புதிருக்கு ஆகாது. எடுப்பவர் கையில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். அதைவிட எளிது, கண்ணைக் கட்டிக்கொண்டு காசின் விளிம்பை மட்டும் பிடிப்பது. உண்மையில் இந்த வழியில் தடவிப் பார்க்கும் தேவையே இல்லை என்பதால் யாரும் ஏமாற்ற முயல மாட்டார்கள். பார்க்கிறவர்கள் நம்புவதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தவறு நடப்பது பெரும்பாலும் எடுக்கும்போதுதான். வழவழப்பான மேசையிலிருந்து காசைக் கிள்ளி எடுக்கையில் அது நம்மை அறியாமல் விரலுக்குள் புரண்டுவிடும். அப்புறம் நாம் புரட்டும்போது பழைய பக்கமே மேலே வந்துவிடும். ஆகவே காசை மேசை ஓரத்துக்கு நகர்த்தி, விளிம்புக்கு வெளியே பாதி நீட்டி, மேலும் கீழும் பிடித்து எடுங்கள். மேசைக்குப் பதில் மடித்த துண்டின் மேல் பரப்பினால் இன்னும் வசதி. ஏழையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கை இரு விரலால் இறுகப் பிடித்து மொத்தமாகத் தலைகீழாக்கினால், ஒவ்வொன்றாகப் புரட்டியதற்குச் சமம். ஒன்று விட்டுப்போயிற்றா, இரண்டு முறை புரண்டுவிட்டதா என்ற சந்தேகமே வராது. தொடங்குவதற்கு முன் காசுகளைக் கலைக்கலாம், ஆனால் மேசையோடு தேய்த்துத்தான் கலைக்க வேண்டும். உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் தலையின் எண்ணிக்கையே மாறிவிடும், பிறகு 7 என்ற துப்புக்கு அர்த்தம் இல்லை.

துப்பே தப்பாக இருந்தால் என்ன ஆகும்? இதுதான் எனக்கு இந்தப் புதிரில் மிகவும் பிடித்த பகுதி. 7 தலை என்று சொன்னார்கள், ஆனால் உண்மையில் 8 இருந்தது என்று வையுங்கள். நாம் 7 காசை எடுத்தோம், அதில் x தலை. புரட்டிய பின் இங்கே 7 − x. அங்கே 8 − x. எந்த ஏழை எடுத்தாலும் தொடாத குவியலில் சரியாக ஒரு தலை கூடுதலாக இருக்கும். உண்மையில் 5 தலைதான் இருந்தது என்றால் புரட்டிய குவியலில் இரண்டு கூடும். அதாவது, விளக்கைப் போட்டு இரண்டு குவியலையும் எண்ணினால், சொன்ன எண்ணிக்கையில் எத்தனை பிசகு, எந்தப் பக்கம் பிசகு என்பது அப்படியே தெரிந்துவிடும்.

காசை எடுக்கும்போது எண்ணிக்கை தவறினாலும் இதே கதைதான். ஏழுக்குப் பதில் ஆறை எடுத்துப் புரட்டினால் அங்கே ஒன்று கூடும். எட்டை எடுத்தால் இங்கே ஒன்று கூடும். அதனால் ஒன்று வித்தியாசம் வந்தால் முதலில் புரட்டிய குவியலில் எத்தனை காசு என்று எண்ணிப் பாருங்கள். சரியாக ஏழு இருந்தால், ஒன்று துப்பு தவறு, இல்லாவிட்டால் ஏதோ ஒரு காசு நடுவில் புரண்டிருக்கிறது. இந்த இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பிரித்தறிய வழியில்லை. அதைவிடச் சங்கடம், புரட்டிய குவியலில் இரண்டு காசு தவறிப்போய், அதில் ஒன்று தலையாகவும் மற்றது பூவாகவும் இருந்தால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். விடை சமமாகவே வந்து நிற்கும். ஒரு முறை சரியாக வந்துவிட்டது என்பதை வைத்துக் கை சுத்தமாக வேலை செய்தது என்று சொல்லிவிட முடியாது.

சீட்டுக்கட்டிலும் இதே வேலை நடக்கும். 52 சீட்டில் 10 சீட்டை முகம் மேலே தெரியத் திருப்பி, கட்டோடு நன்றாகக் கலைத்து, இருட்டில் ஒருவர் கையில் கொடுங்கள். அவர் மேலேயிருந்து 10 சீட்டை எண்ணி எடுத்து, அந்தப் பத்தையும் ஒன்றாகக் கவிழ்த்தால் போதும். காசைவிடச் சீட்டு இதற்கு லாயக்கு, ஏனென்றால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பேச்சே இல்லை, மொத்தமாகத் திருப்புவதும் சுலபம்.

கடைசியாக அண்ணன் மகள் கேட்ட கேள்வி ஒன்று. "தலை எத்தனைன்னே சொல்லாம விட்டா என்ன செய்ய சித்தப்பா?"

ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வழி தெரியவில்லை என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது. எண்ணிக்கை தெரியாமலேயே எப்போதும் பலிக்கும் ஒரு வழி யாரிடமோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணால் பார்க்காததால், எந்தெந்த இடத்துக் காசை எடுப்பார், எதைப் புரட்டுவார் என்பது காசு எப்படிக் கிடந்தாலும் ஒன்றேதான். ஒரு மேசையில் அவர் செய்து காட்டுகிறார், இரண்டு குவியலிலும் தலை சமம். இப்போது அதே மேசையை முதலில் இருந்தபடி திரும்பப் பரப்பி, ஒரே ஒரு காசை மட்டும் தலையிலிருந்து பூவாக மாற்றி வைத்து, அதே வேலையை மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அந்த ஒரு காசு எந்தக் குவியலுக்குப் போகிறதோ அந்தக் குவியலில் தலை ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். மற்ற குவியலில் மாற்றமே இல்லை. முன்பு சமமாக இருந்தது இப்போது சமமாக இருக்க முடியாது. ஆக அவர் வழி இரண்டில் ஒரு மேசையில் தோற்றே தீரும். தலை ஏழா எட்டா என்ற அளவுக்குச் சந்தேகம் இருந்தால்கூடப் போதும், நிச்சயமான வழி என்று ஒன்று இல்லாமல் போய்விடும்.